மருந்துக்கடைக்கு ஒரு காலாவதித் தாள்: எந்த பேட்ச் முதலில் வெளியேற வேண்டும் என்று நிறமே சொல்லும்படி அமைக்கும் முறை

குடமுருட்டிக் கரையில் ஒரு சிறிய ஊரில் மருந்துக்கடை நடத்துகிறேன். 2025 அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு நாள், வயிற்றுப்புண்ணுக்கான பாண்டோபிரசோல் 40 மாத்திரை அடுக்கின் பின்வரிசையைத் துழாவியபோது நாற்பது அட்டைகள் கையில் தட்டுப்பட்டன. பிரிக்காத பெட்டிகள். ஜூலையில்தான் வந்தவை. காலாவதி செப்டம்பர் 2025.

கடையில் இருக்கும் தம்பியைக் கேட்டேன். "அண்ணா, புதிதாக வந்ததைப் பின்னால்தானே வைக்க வேண்டும்? நீங்கள்தான் அப்படிச் சொன்னீர்கள்" என்றான். உண்மை. பழைய சரக்கு முன்னால், புதிய சரக்கு பின்னால் என்று சொல்லிக்கொடுத்தவன் நான்தான். மளிகைக்கடைக்கு அந்த விதி பெரும்பாலும் பொருந்தும். மருந்துக்கடைக்குப் போதாது. இங்கே நேற்று வந்த பெட்டி, நான்கு மாதத்திற்கு முன் வந்த பெட்டியைவிட முன்னதாகவே காலாவதியாகலாம். சலுகை விலையில் வரும் சரக்கில் இது அடிக்கடி நடக்கிறது.

அதன்பின் நான் அமைத்துக்கொண்ட தாளை இங்கே படிப்படியாகத் தருகிறேன். பில் போடும் மென்பொருள் இல்லாத கடை, அல்லது இருந்தும் அதில் காலாவதிப் பட்டியலைப் பயன்படுத்தாத கடை, இரண்டுக்கும் இது உதவும். கூகுள் ஷீட்ஸில் எழுதியிருக்கிறேன். எக்செல்லில் `FILTER`, `SORT` இரண்டும் 2021 பதிப்பிலிருந்துதான் உண்டு, எழுதும் முறையும் சற்று வேறு. ஆகவே கீழே உள்ள சூத்திரங்களை ஷீட்ஸிலேயே பயன்படுத்துங்கள்.

ஒரு பேட்ச், ஒரு வரிசை

புதிய கோப்பில் முதல் தாளுக்கு `Stock` என்று பெயரிடுங்கள். முதல் வரிசையில் தலைப்புகள்: A மருந்தின் பெயர், B பேட்ச் எண், C காலாவதி மாதம், D காலாவதி ஆண்டு, E காலாவதி நாள், F இருப்பு, G ஸ்டாக்கிஸ்ட், H மீதி நாள், I வார விற்பனை, J தேங்கும் அளவு. இவற்றில் E, H, J மூன்றையும் தாளே கணக்கிடும். மற்றவற்றை நாம் நிரப்புகிறோம்.

ஒரே மருந்து மூன்று பேட்ச்களில் இருந்தால் மூன்று வரிசைகள். இருப்பைக் கூட்டி ஒரே வரிசையில் எழுதி, அருகிலிருக்கும் காலாவதியைப் போட்டுவிடலாம் என்று தோன்றும். அப்படி எழுதினால் தாள் முழுவதும் வீண். அறுபது அட்டையில் ஆறு மட்டுமே முடியப்போகிறது என்றாலும் அறுபதும் சிவப்பாகத் தெரியும். இரண்டாவது வாரத்திலேயே அந்தச் சிவப்பை யாரும் நம்ப மாட்டார்கள்.

எண்ணத் தொடங்கும் முன் B நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து `Format → Number → Plain text` கொடுத்துவிடுங்கள். பேட்ச் எண்களில் எழுத்தும் எண்ணும் கலந்துவரும். 12E5 என்று ஒரு பேட்ச் இருந்தால் தாள் அதை அறிவியல் குறியீடாக எடுத்துக்கொண்டு பன்னிரண்டு லட்சமாக மாற்றிவிடும். 0047 என்று இருந்தால் முன்னால் உள்ள பூஜ்யங்கள் போய்விடும். ஒரு பேட்ச்சைத் திரும்பப் பெறுமாறு அறிவிப்பு வரும்போது நாம் தேடுவது இந்த எண்ணைத்தான்.

மருந்தின் பெயரை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதினால் அதுவும் சிக்கல். தனியாக ஒரு தாளில் பெயர்ப் பட்டியலை மி.கி. அளவோடு எழுதி வைத்து, `Data → Data validation` வழியாக A நெடுவரிசையில் அதிலிருந்து மட்டும் தேர்ந்தெடுக்கும்படி செய்யுங்கள். ஓர் இடைவெளி கூடினால்கூடத் தாளுக்கு அது வேறு மருந்து.

தேதியில்தான் பெரும்பாலும் தவறு நேர்கிறது

அட்டையில் 08/2027 என்று மாதமும் ஆண்டும் மட்டும் அச்சிட்டிருந்தால், அந்த மாதத்தின் கடைசி நாள் வரை மருந்தைப் பயன்படுத்தலாம் என்று பொருள். ஆகஸ்ட் 31 வரை விற்கலாம், செப்டம்பர் 1 அன்று கூடாது.

இதை அப்படியே 08/27 என்று ஒரு கட்டத்தில் தட்டினால் என்ன ஆகும் என்பது கோப்பின் வட்டார அமைப்பைப் பொறுத்தது. இந்த ஆண்டு ஆகஸ்ட் 27 என்று எடுத்துக்கொள்ளலாம். 2027 ஆகஸ்ட் 1 என்று எடுத்துக்கொள்ளலாம். வெறும் எழுத்தாகவும் விட்டுவிடலாம். முதல் இரண்டில் நிறம் தவறாக வரும், கண்டுபிடித்துவிடுவோம். மூன்றாவதுதான் ஆபத்து. எழுத்தாக நின்றுவிட்ட தேதிக்கு நிறமே வராது, பார்ப்பவர்கள் நல்ல சரக்கு என்று நினைத்துக்கொள்வார்கள்.

அதனால்தான் மாதத்தையும் ஆண்டையும் தனித்தனி நெடுவரிசையாக வைத்தேன். C2இல் 8, D2இல் 2027. கடைசி நாளைத் தாள் கண்டுபிடிக்கட்டும். E2இல் இது:

```
=IF(OR(C2="",D2=""),"",EOMONTH(DATE(D2,C2,1),0))
```

H2இல் இது:

```
=IF(E2="","",E2-TODAY())
```

இரண்டையும் கீழே இழுத்து ஆயிரம் வரிசை வரை நிரப்பிவிடுங்கள். E நெடுவரிசைக்குத் தேதி வடிவமும் H நெடுவரிசைக்கு எண் வடிவமும் கொடுங்கள். காலாவதி மாதத்தின் கடைசி நாளில் H பூஜ்யம் காட்டும், அன்று விற்கலாம். மறுநாள் கழித்தல் ஒன்று, அன்று விற்கக் கூடாது.

C, D இரண்டுக்கும் எல்லை வைப்பதை விட்டுவிடாதீர்கள். `Data validation` பகுதியில் C 1 முதல் 12 வரை, D 2024 முதல் 2035 வரை என்று கொடுத்து, வேறு எண்ணை ஏற்காதபடி அமையுங்கள். காரணம் இருக்கிறது. மாதம் என்ற இடத்தில் கை தவறி 13 என்று அடித்தால் `DATE` பிழை காட்டாது, சத்தமில்லாமல் அடுத்த ஆண்டு ஜனவரிக்குப் போய்விடும். ஆண்டை 27 என்று இரண்டு இலக்கத்தில் அடித்தால் அதை 1927 என்று எடுத்துக்கொள்ளும்.

எண்ணும்போது பெட்டியின் மேல் உள்ள தேதியை நம்பாமல் அட்டையைப் பாருங்கள். பாதி காலியான பெட்டியில் வேறு பேட்ச் அட்டைகளைச் சொருகி வைக்கும் பழக்கம் எல்லாக் கடைகளிலும் உண்டு. ஸ்டாக்கிஸ்ட் தரும் பில்லில் பேட்ச்சும் காலாவதியும் அச்சாகி வந்தாலும், சரக்கைப் பிரிக்கும்போது அட்டையோடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டே எழுதுங்கள்.

நிறங்கள்

A2 முதல் J1000 வரை தேர்ந்தெடுத்து `Format → Conditional formatting` சென்று, `Custom formula is` என்பதன் கீழ் இவற்றை இதே வரிசையில் சேருங்கள். ஒரு கட்டத்திற்கு இரண்டு விதிகள் பொருந்தினால் மேலே உள்ளதே வெல்லும், ஆகவே வரிசை மாறக் கூடாது.

```
=AND($A2<>"",NOT(ISNUMBER($E2)))
=AND($A2<>"",$F2=0)
=AND(ISNUMBER($H2),$H2<0)
=AND(ISNUMBER($H2),$H2<=30)
=AND(ISNUMBER($H2),$H2<=90)
=AND(ISNUMBER($H2),$H2<=180)
```

முதல் விதிக்கு ஊதா: பெயர் இருக்கிறது, காலாவதி இல்லை. இரண்டாவதற்குச் சாம்பல்: இருப்பு தீர்ந்தது. பிறகு முறையே கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள்.

முப்பது, தொண்ணூறு, நூற்றெண்பது என்பவை என் கடைக்கானவை. உங்கள் எண்களை உங்கள் ஸ்டாக்கிஸ்டின் திரும்பப் பெறும் நிபந்தனையிலிருந்து எடுங்கள். காலாவதிக்கு எத்தனை மாதம் முன்பிருந்து எடுப்பார், முடிந்தபின் எத்தனை மாதம் வரை எடுப்பார், சலுகைச் சரக்கை எடுப்பாரா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதி வையுங்கள், ஆளுக்கு ஆள் மாறும். ஆரஞ்சு நிறம் தொடங்கும் நாள், அவரிடம் திருப்பி அனுப்புவதைப் பற்றிப் பேச இன்னும் நேரம் இருக்கும் நாளாக அமைய வேண்டும். பேச்சுக்கான காலம் கடந்தபின் வரும் நிறத்தால் பயன் இல்லை.

முதலில் முடிவது முதலில்

இரண்டாவது தாளுக்கு `Today` என்று பெயரிட்டு, முதல் வரிசையில் அதே தலைப்புகளை எழுதி A2இல் இதைப் போடுங்கள்:

```
=SORT(FILTER(Stock!A2:J,Stock!F2:F>0,ISNUMBER(Stock!E2:E)),5,TRUE,6,TRUE)
```

இருப்பு உள்ளவை மட்டும், காலாவதி வரிசையில். ஒரே நாளில் முடியும் இரண்டு பேட்ச்கள் இருந்தால் குறைந்த இருப்பு முதலில் நிற்கும், சில்லறையாகக் கிடப்பது சீக்கிரம் தீரும். காலாவதி நெடுவரிசையில் 45930 போன்ற எண் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது 2025 செப்டம்பர் 30தான். தேதி வடிவம் கொடுத்தால் சரியாகிவிடும். நிற விதிகளை இந்தத் தாளுக்கும் போட்டுக்கொள்ளலாம். பெயரிருந்தும் காலாவதி எழுதாத வரிசைகள் இந்தப் பட்டியலுக்கு வராது, அவை `Stock` தாளில் ஊதாவாக நிற்கும்.

இப்போது அந்த நாற்பது அட்டைக்குத் திரும்புகிறேன். 2025 ஜூலை 10 அன்று என்னிடம் இருந்தவை மூன்று பேட்ச்கள். முதலில் வந்தது 18 அட்டை, காலாவதி அக்டோபர் 2025, மீதி 113 நாள். அடுத்து வந்தது 60 அட்டை, மார்ச் 2026, மீதி 264 நாள். முந்தின நாள் வந்தது 40 அட்டை, செப்டம்பர் 2025, மீதி 82 நாள். வாரத்திற்கு ஆறு அட்டை விற்கும்.

வந்த வரிசையில் விற்றோம். 18ம் 60ம் சேர்ந்து 78 அட்டை, அவை தீரப் பதின்மூன்று வாரம், அதாவது 91 நாள். அதற்கு ஒன்பது நாள் முன்பே கடைசி பேட்ச் முடிந்துவிட்டது. நாற்பதில் ஒன்றுகூட விற்கவில்லை.

காலாவதி வரிசையில் விற்றிருந்தால்? நாற்பதும் ஏழு வாரத்திற்குள், ஆகஸ்ட் கடைசியில் தீர்ந்திருக்கும். பதினெட்டும் செப்டம்பர் நடுவில் தீர்ந்திருக்கும். அறுபது நவம்பர் கடைசியில். ஒரு மாத்திரைகூட வீணாகியிருக்காது. சரக்கும் அதேதான், வாங்கியவர்களும் அதே ஊர்க்காரர்கள்தான், எடுத்த வரிசை மட்டும் வேறு.

கவுன்டரில் ஒரு திருத்தம்

முதலில் முடிவதையே எல்லோருக்கும் கொடுத்துவிடக் கூடாது. ஓய்வூதியம் வந்த கையோடு மூன்று மாத மாத்திரையைச் சேர்த்து வாங்கிப்போகும் பெரியவர்கள் என் கடைக்கு வருகிறார்கள். 82 நாளில் முடியும் அட்டையை 90 நாளுக்குச் சாப்பிடக் கொடுத்தால், கடையில் நாம் காப்பாற்றிய காலாவதி அவர் வீட்டு அலமாரியில் நடக்கும். கடைசி வேளை மாத்திரை வரை காலம் இருக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும்.

அதற்காக `Counter` என்று மூன்றாவது தாள். B1இல் மருந்தின் பெயர், B2இல் எத்தனை நாளுக்கு வாங்குகிறார் என்பது. A5இல் இது:

```
=IFERROR(SORT(FILTER(Stock!A2:H,Stock!A2:A=B1,Stock!F2:F>0,ISNUMBER(Stock!E2:E),Stock!E2:E>=TODAY()+B2),5,TRUE,6,TRUE),"இருப்பு இல்லை")
```

அதே ஜூலை 10இல் B2இல் 10 என்று கொடுத்தால் 82 நாள் பேட்ச் முதலில் நிற்கும். 90 என்று கொடுத்தால் அது பட்டியலிலேயே இருக்காது, 113 நாள் பேட்ச் முதலில் வரும். இப்படிக் குறுகிய காலச் சரக்கு குறுகிய காலத்திற்கு வாங்குபவர்களிடம் போய்ச் சேர்கிறது. எனக்கு இந்தத் தாளில் மிகவும் மதிப்பானது இந்த ஒரு கட்டம்தான்.

அட்டையை வெட்டுவதிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். பேட்ச்சும் காலாவதியும் ஒரு முனையில் மட்டும் அச்சிட்டிருந்தால், எதிர்முனையிலிருந்து வெட்டத் தொடங்குங்கள். அந்த முனையை முதல் ஆளுக்கே வெட்டிக் கொடுத்துவிட்டால், மிச்சம் இருக்கும் மாத்திரைகள் எந்த பேட்ச் என்று யாராலும் சொல்ல முடியாது. வெட்டிய அட்டையைப் பெரும்பாலும் திருப்பி எடுப்பதும் இல்லை.

நிறம் வராமலே தேங்கும் சரக்கு

மீதி 170 நாள் உள்ள ஐந்து அட்டைக்கும் மீதி 170 நாள் உள்ள இருநூறு அட்டைக்கும் ஒரே மஞ்சள்தான். ஆனால் முதலாவது கவலை இல்லாதது, இரண்டாவது இப்போதே பேச வேண்டியது. அந்த வித்தியாசத்தை J நெடுவரிசை சொல்லும். I2இல் வாரத்திற்கு எத்தனை விற்கிறது என்று எழுதி, J2இல் இது:

```
=IF(OR(H2="",I2=""),"",IF(H2<0,F2,MAX(0,ROUNDUP(SUMIFS(F:F,A:A,A2,E:E,"<="&E2,E:E,">="&TODAY())-I2*H2/7,0))))
```

இந்த பேட்ச்சையும் இதற்கு முன் முடியும் அதே மருந்தின் பேட்ச்களையும் கூட்டி, காலாவதிக்குள் விற்கக்கூடிய அளவைக் கழித்து, தேங்கப்போவது எத்தனை என்று காட்டும். பூஜ்யமாக இருந்தால் நிம்மதி.

இதில் வார விற்பனை என்ற எண்ணை நம் பகுதியில் ஆண்டு முழுவதும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியாது. சேற்றுப்புண்ணுக்குப் போடும் குளோட்ரிமசோல் களிம்பைச் சொல்கிறேன். நடவும் களையெடுப்பும் நடக்கும் மாதங்களில், கால் நாள் முழுவதும் சேற்றில் கிடக்கும்போது, வாரம் ஐந்து குழாய் போகும். ஜனவரி 28இல் மேட்டூரை மூடுவது மரபு. சம்பா அறுவடை முடிந்து வயலில் உளுந்து நின்றுவிட்டால் அதே களிம்பு வாரம் ஒன்றுதான். பிப்ரவரி 1 அன்று கையில் 24 குழாய், காலாவதி மே மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025இல் கணக்கிட்டால் மீதி 119 நாள், பதினேழு வாரம். I நெடுவரிசையில் மார்கழி வேகமான 5 இன்னும் நின்றால் J பூஜ்யம் காட்டும். 1 என்று திருத்தினால் 7 காட்டும். அந்த ஏழுதான் உண்மை. ஜூன் 12இல் தண்ணீர் திறந்து குறுவை நடவு தொடங்கும்போது களிம்பு தேடி ஆள் வருவார்கள், ஆனால் அந்தக் குழாய்கள் அதற்குள் முடிந்திருக்கும்.

ஆகவே I நெடுவரிசையை ஆண்டுக்கு மூன்று முறை திருத்துகிறேன்: அறுவடை முடிந்ததும், குறுவை நடவின்போது, ஐப்பசி மழை தொடங்கும் முன். எல்லா மருந்துக்கும் தேவையில்லை. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் பருவம் பார்ப்பதில்லை. களிம்பு, இருமல் மருந்து, உப்புசர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆகியவற்றுக்குப் போதும்.

வாரம் ஒரு மணி நேரம்

ஒவ்வொரு விற்பனையையும் தாளில் கழிக்க வேண்டும் என்று விதி வைத்தால் பத்து நாள் நடக்கும், பிறகு நின்றுவிடும். நான் சனிக்கிழமை மாலை நிறம் வந்த வரிசைகளையும் J பூஜ்யமில்லாத வரிசைகளையும் மட்டும் அடுக்கில் எண்ணி F நெடுவரிசையைத் திருத்துகிறேன். நிறமில்லாதவற்றை மாதம் ஒருமுறை, நாளுக்கு ஓர் அடுக்காக. முதல் முறை முழுக்கடையை எண்ணும்போதும் இப்படித்தான் நாளுக்கு ஓர் அடுக்கு, அதற்கு இரண்டு மூன்று வாரம் ஆனால் ஆகட்டும்.

எண்ணத் தொடங்கும் முன் இரண்டு கட்டங்களைப் பார்க்கிறேன். `Counter` தாளில் D1இல் `=TODAY()`, D2இல் இது:

```
=COUNTA(Stock!A2:A)-COUNT(Stock!E2:E)
```

D1 இன்றைய தேதியோடு பொருந்த வேண்டும். கோப்பின் `File → Settings` பகுதியில் நேர மண்டலம் அமெரிக்காவில் நின்றுவிட்டால் நம் காலை நேரத்தில் அது நேற்றைக் காட்டும், மாதத்தின் முதல் நாள் காலையில் காலாவதியான மருந்து சிவப்பிலேயே நிற்கும். இந்திய நேரத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். D2 பூஜ்யமாக இருக்க வேண்டும். மூன்று என்று இருந்தால் மூன்று வரிசைகளில் காலாவதி விடுபட்டிருக்கிறது, ஊதா நிறத்தைத் தேடுங்கள்.

கறுப்பான வரிசை எதுவானாலும் அன்றே அடுக்கிலிருந்து இறங்கியாக வேண்டும். மருந்து விதிகளின்படி காலாவதியான மருந்தை விற்பனைக்கான சரக்கோடு வைத்திருக்கவே கூடாது. திருப்பி அனுப்பவோ அழிக்கவோ ஏற்பாடு செய்திருந்தால் மட்டும், தனியாக, மேற்புறத்தில் 'விற்பனைக்கு அல்ல' என்று தெளிவாக எழுதிய பெட்டியில் வைக்கலாம். என் பெட்டி கவுன்டரிலிருந்து கை எட்டாத இடத்தில் இருக்கிறது. திருப்பி எடுக்காதவற்றையும் வாய்க்காலில் கொட்டாமல் அதே பெட்டியில் பூட்டி வைத்து, முறையாக அழிக்கக் கொடுக்கிறேன்.

இந்தத் தாளுக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அச்சிட்ட தேதி, மூடிய நிலையில், சொன்ன வெப்பத்தில் வைத்த மருந்துக்கானது. மழைக்காலத்தில் ஒரு பகல் முழுவதும் மின்சாரம் இல்லாமல் குளிர்பெட்டி சூடாகிவிட்டால், உள்ளே இருக்கும் இன்சுலின் தாளில் நிறமே இல்லாமல் ஓராண்டு மீதி காட்டிக்கொண்டிருக்கும். அதனால் குளிர்பெட்டிச் சரக்குக்குத் தனியே ஒரு வெப்பமானியும் காலை மாலை எழுதும் ஒரு நோட்டும் வைத்திருக்கிறேன். 2 முதல் 8 டிகிரிக்கு வெளியே போன நாளில், அந்தச் சரக்கை விற்காமல் ஒதுக்கி வைத்துவிட்டு ஸ்டாக்கிஸ்டிடம் கேட்கிறேன்.